பார்த்துக்கலாம்...

ஆகஸ்ட் 4

இன்று நிரஞ்சனாவைத் திட்டவில்லை. சொன்னேன், அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. தாராபுரத்துப் பெண், படிப்பு முடித்த கையோடு வந்தவள், இங்கே திருப்பூரில் லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறாள். மெர்ச்சன்டைசிங் என்றால் ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுப் பையர் கேட்பதற்கும் நம் டெய்லர்கள் தைப்பதற்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குகிற வேலை. நான் அதில்தான் தலை நரைத்தேன். அவளுக்கு இன்னும் எல்லாமே புதுசு... சுறுசுறுப்பு இருக்கிறது.

ஆனால் அவள் அனுப்பும் மெசேஜ். “மேடம் சாம்பிள் ரெடி!!” “துணி வந்துருச்சு மேடம்!” “ஓகே மேடம்!!!” வாட்ஸப்பைத் திறந்தால் யாரோ மாடியிலிருந்து கத்துகிற மாதிரி இருக்கிறது. சாம்பிள் ரெடி என்றால் ரெடி, அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? பையர் இருக்கும் குரூப்பிலும் இப்படியே எழுதுகிறாள். கூப்பிட்டுச் சொன்னேன்.

“எதுக்கும்மா இத்தனை ஆச்சரியக்குறி? ஏதோ தீப்பிடிச்ச மாதிரி இருக்கு. சாதாரணமா எழுது.”

“சாரி மேடம். இனிமே போடலைங்க.”

முகம் சுருங்கிவிட்டது. சின்னப் பெண். நாளைக்குச் சரியாகிவிடும்.

வரும் வழியில் கேஸ் புக் செய்தேன். பிரஷர் மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7

குறியெல்லாம் போய்விட்டது. “சாம்பிள் ரெடி மேடம்”. நிம்மதியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 13

ஆச்சரியக்குறி போய் இப்போது பொம்மைகள். மெசேஜுக்கு மெசேஜ் ஒரு மூஞ்சி. இன்று காலை நூல் வண்டி வர நேரமாகும் என்று குரூப்பில் போட்டேன். உடனே அவளிடமிருந்து அழுகிற முகம், கண்ணீர் ஆறாக ஓடுகிறது. பதறிவிட்டேன். போன் செய்து “என்னம்மா, வீட்டுல ஏதாவது பிரச்சனையா?” என்று கேட்டால், “இல்லீங்க மேடம், சும்மாங்க” என்கிறாள். பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம்.

மத்தியானம் கவின் இன்னொரு வேலையாக வந்தான். அவனும் என் டீம்தான், அவளைவிட ஓரிரு வயது மூத்தவன். அவனிடம் கேட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

“மேடம், அது அழுகை இல்லீங்க. சிரிப்பு.”

“கண்ணீர் வருதேப்பா.”

“சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி வர்ற மாதிரிங்க. நூல் வண்டி தினமும் லேட்டுங்கறதால காமெடியா போட்டுருக்கா. மண்டை ஓடு போட்டா செத்தே போயிட்டேன், அவ்ளோ சிரிப்புன்னு அர்த்தம்.”

“அப்ப நிஜமா அழுகை வந்தா என்ன போடுவீங்க?”

கொஞ்சம் யோசித்தான். “அதுக்கும் அதையேதாங்க போடுவோம். ஆளையும் விஷயத்தையும் வெச்சுப் புரிஞ்சுக்கணும் மேடம்.”

இது என்ன வழக்கமோ. ஆனாலும் தெரிந்துகொண்டது நல்லது... அழுகிற முகம் என்றால் சிரிப்பு. இனிமேல் பதற வேண்டாம்.

ஆகஸ்ட் 14

தண்ணீர் வந்தது. பிடித்து வைத்துவிட்டுக் கிளம்ப நேரமாகிவிட்டது.

ஆகஸ்ட் 21

கவின் இன்று ஒன்று சொன்னான். சொல்லலாமா வேண்டாமா என்று கதவருகே நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தான்.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நீங்க மெசேஜ்ல புள்ளி புள்ளியா வெக்கறீங்கல்ல, அது பசங்களுக்குக் கொஞ்சம் பயமா இருக்குதுங்க.”

“எந்தப் புள்ளி?”

போனைக் காட்டினான். என் மெசேஜ்கள்தான். “சரி...” “நாளைக்குப் பேசலாம்...” “ரிப்போர்ட் பார்த்தேன்...”

“இதுல என்னப்பா பயம்?”

“ரிப்போர்ட் பார்த்தேன், அப்புறம் புள்ளி. அந்தப் புள்ளிக்குப் பின்னாடி ஏதோ இருக்குது, நீங்க சொல்லாம முழுங்கிட்டீங்கன்னு தோணும். திட்டு வரப்போகுதுன்னு. நிரஞ்சனா அன்னைக்கு மத்தியானம் சாப்பிடவே இல்லீங்க.”

எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் எரிச்சல். ரிப்போர்ட்டைப் பார்த்தேன், அதில் சொல்ல ஒன்றுமில்லை. அதைத்தான் எழுதினேன். நான் வேலைக்கு வந்த காலத்தில் பையருக்கு எல்லாமே ஃபேக்ஸ்தான். ஒற்றைப் புள்ளி வைத்தால் அந்தப் பக்கம் விழும் காகிதத்தில் தெரியாது, இரண்டு வாக்கியம் ஒட்டிக்கொள்ளும். அதனால் மூன்று வைப்போம். கை அப்படியே பழகிவிட்டது. அதோடு, சட்டென்று முடித்தால் உத்தரவு போட்ட மாதிரி இருக்குமே என்றும் ஒரு எண்ணம். புள்ளி வைத்தால் கதவைச் சாத்தாமல் விட்ட மாதிரி... நீ ஏதாவது சொல்வதானால் சொல் என்பது மாதிரி. மரியாதைக்கு வைப்பது. அதையா பயம் என்கிறார்கள்?

கவினிடம் இதைச் சொன்னேன். “ஓ, அப்படீங்களா மேடம்” என்றான். நம்பினானா தெரியவில்லை. நான் கடைசியில் போடும் சாதா சிரிப்பு முகமும் சரியில்லையாம். அது நக்கலாம், பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிற மாதிரி இருக்கிறதாம்.

சிரிப்பு நக்கல், அழுகை சிரிப்பு. வேலையைப் பார்ப்போம்.

ஆகஸ்ட் 22

புள்ளி வைக்காமல் ஒரு நாள் எழுதிப் பார்த்தேன். “சரி” என்று மட்டும் அனுப்பினால் எனக்கே முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. பழையபடியே எழுதுகிறேன்.

செப்டம்பர் 3

குழந்தைகள் ஆர்டர் கடைசி கட்டத்தில் இருக்கிறது. கையும் காலும் ஒன்றாய்ச் சேர்த்துத் தைத்த உடுப்பு, தொடைப் பக்கம் அழுத்தி மாட்டும் சின்னச் சின்ன பட்டன்கள். தைத்து முடித்து பேக்கிங் நடக்கிறது. குழந்தைத் துணி என்பதால் பட்டனை மெஷினில் மாட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். கழன்றால் பிள்ளை வாயில் போட்டுவிடும். இந்த வேலையை நிரஞ்சனாவிடம் கொடுத்திருக்கிறேன். கவனமாகச் செய்கிறாள் என்று செக்கிங் ஆட்களே சொல்கிறார்கள். அவளிடம் இதைச் சொல்ல வேண்டும்.

மகள் அக்ஷயா சனிக்கிழமை பெங்களூரிலிருந்து வருகிறாள். சோமனூரிலிருந்து நாட்டுக்கோழிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 6

அரை நாள் லீவு போட்டுவிட்டுச் சமைத்தேன். சமையல் முடிகிற நேரத்தில் அக்ஷயாவிடமிருந்து மெசேஜ். “வர முடியலமா, வேலை வந்துருச்சு, அடுத்த மாசம் கண்டிப்பா”. “சரி...” என்று போட்டேன். உடனே போன் செய்கிறாள்.

“அம்மா, கோவமா?”

“இல்லையே.”

“அப்பறம் ஏம்மா அப்படி அனுப்பறீங்க?”

“எப்படி அனுப்பினேன்? சரின்னுதானே சொன்னேன்.”

“சரி, விடுங்க” என்று வைத்துவிட்டாள். இவளுக்கும் என்னவோ.

அந்த நேரத்தில்தான் நிரஞ்சனாவும் மெசேஜ் போட்டாள். பட்டன் டெஸ்ட் பற்றி, கூடவே அந்த அழுது சிரிக்கிற முகம். பார்த்துக்கலாம் என்று பதில் போட்டேன். கட்டைவிரல் காட்டினாள். நல்லது.

கோழியைக் கீழ் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 10

கண்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பியது. முதலாளியின் மகன் நந்தகுமார் எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தார். நிரஞ்சனா எடுத்துக்கொள்ளவில்லை. வயிறு சரியில்லை என்றாள். என்னைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தாள், அதற்குள் எனக்குப் போன் வந்துவிட்டது.

அக்டோபர் 17

சரக்கு போய்ச் சேர்ந்த இடத்தில் பட்டன் கழன்றிருக்கிறது.

பையரின் ஆட்கள் கிடங்கிலேயே இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். கடைக்குப் போவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஆனால் மொத்தச் சரக்கும் திரும்புகிறது. இனிமேல் குழந்தைத் துணி நமக்கில்லை என்று எழுதிவிட்டார்கள்.

நந்தகுமார் கேபினில் நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவில்லை. அவர் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது இதே ஆபீஸில் என் மேஜையில் வீட்டுப்பாடம் எழுதியவர்.

“டெஸ்ட்ல பாஸ்னு ரிப்போர்ட் இருக்குது. அப்புறம் எப்படி மேடம்?”

“விசாரிக்கறேங்க.”

அக்டோபர் 18

போனை எடுத்து செப்டம்பர் ஆறாம் தேதி மெசேஜைத் தேடிப் படித்தேன். ஆங்கில எழுத்தில் இருப்பதைத் தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

நிரஞ்சனா: “மேடம் இழுத்துப் பாத்ததுல ரெண்டு பீஸ்ல பட்டன் கழண்டு வந்துருச்சு, மறுபடி செஞ்சப்ப பாஸ், பேக் பண்ணதையும் பிரிச்சுப் பாத்துரலாமா மேடம்”. பிறகு அழுகிற முகம்.

நான்: “பார்த்துக்கலாம்... டென்ஷன் வேண்டாம்...” பிறகு சிரிக்கிற முகம்.

அவள்: கட்டைவிரல்.

நான் தெளிவாகத்தான் எழுதியிருக்கிறேன். பார்த்துக்கலாம் என்றால் பிரித்துப் பார்த்துவிடலாம் என்றுதான். பதறாமல் செய் என்று சொன்னேன். அவளும் சரி என்று கட்டைவிரல் காட்டியிருக்கிறாள்.

அக்டோபர் 20

விசாரணை. நந்தகுமார், பையரின் திருப்பூர் ஆபீஸிலிருந்து ஒரு அம்மாள், நான், நிரஞ்சனா. கவினும் ஓரத்தில் இருந்தான். அந்த மூன்று மெசேஜையும் பெரிதாக பிரிண்ட் எடுத்து மேஜை மேல் வைத்திருந்தார்கள்.

நந்தகுமார் அழுகிற முகத்தை விரலால் தட்டினார். “குழந்தை துணில பட்டன் கழலுது, இது உனக்குச் சிரிப்பா இருக்குதா?”

நிரஞ்சனா திகைத்துப் போனாள். “சிரிக்கலீங்க சார். அழுதேனுங்க. நிஜமாவே அழுதுட்டுத்தான் அனுப்பினேன்.”

“குரூப்ல தினமும் இதையே போட்டுத்தானே சிரிக்கறீங்க எல்லாரும்?”

கவின் ஏதோ சொல்ல வந்தான், நந்தகுமார் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

பையர் ஆபீஸ் அம்மாள் என் வரியைப் படித்தார். அவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். “பார்த்துக்கலாம், டென்ஷன் வேண்டாம்னா, கண்டுக்காம அனுப்பிடுங்கன்னு சொன்னீங்களா?”

“இல்லைங்க! பிரிச்சுப் பாருன்னு சொன்னேன்.”

“பிரிச்சுப் பாருன்னு இதுல எங்கேயும் இல்லையே. புள்ளிதான் இருக்கு.”

நான் நிரஞ்சனாவைப் பார்த்தேன். “நீ என்னம்மா புரிஞ்சுக்கிட்டே? நீயே சொல்லு.”

மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “விடும்மா, சும்மா தொல்லை பண்ணாதேன்னு சொல்றீங்கன்னு நெனச்சேங்க மேடம். லீவுல இருக்கறப்ப மெசேஜ் போட்டுட்டேன்னு கோவம்னு. முந்தி ஒருக்கா தீப்பிடிச்ச மாதிரி எழுதாதேன்னீங்கல்ல. அதான் இதுக்கு மேல கேட்டா நல்லாருக்காதுன்னு.”

“அப்ப எதுக்கும்மா கட்டைவிரல் காட்டினே? செஞ்சர்றேன்னுதானே அர்த்தம்?”

“இல்லீங்க. அது...” நிறுத்திவிட்டு கவினைப் பார்த்தாள்.

கவின் சொன்னான்: “பேச்சு முடிஞ்சுது, இனி பேச ஒண்ணுமில்லன்னா போடறதுங்க அது.”

“வந்து நேர்ல கேட்டிருக்கலாமே” என்றேன்.

“கேக்கத்தான் வந்தேங்க மேடம். கண்டெய்னர் போன அன்னைக்கு.”

பையர் ஆபீஸ் அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டு, “எங்களுக்கு இந்த விளக்கமெல்லாம் வேண்டாங்க. சொன்னது யாரு, சொல்லாதது யாரு, அதை மட்டும் எழுதிக் குடுங்க” என்றார்.

அக்டோபர் 22

ரிப்போர்ட் தயாராகி வந்தது. ‘ஜூனியர் மெர்ச்சன்டைசர் குறைபாட்டை முறையாகவும் உரிய தீவிரத்துடனும் மேலதிகாரிக்குத் தெரிவிக்கவில்லை’. கீழே என் பெயருக்கு மேல் கையெழுத்துக்கான கோடு.

“உங்களையும் சேர்த்து எழுதினா டிபார்ட்மெண்டே இருக்காது மேடம். மத்த பையருங்க உங்களை நம்பித்தான் இருக்காங்க” என்றார் நந்தகுமார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உரிய தீவிரம் இல்லை என்பது உண்மைதானே. சும்மா ஒரு அழுகிற முகம். அதுவும் இவர்களே சிரிப்பு என்று சொல்லித்தந்தது.

கையெழுத்துப் போட்டேன். வரும் வழியில் துவரம்பருப்பும் பிரஷர் மாத்திரையும் வாங்கினேன்.

அக்டோபர் 24

நிரஞ்சனா போய்விட்டாள். அவளாக ராஜினாமா எழுதிக் கொடுத்ததாகச் செய்துவிட்டார்கள். ஹாஸ்டலிலிருந்து பையோடு வந்து ஐடி கார்டைக் கொடுத்தாள். நான் செக்கிங் பக்கம் இருந்தேன். மேலே வருவதற்குள் கிளம்பிவிட்டாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன், செக்யூரிட்டியிடம் சிரித்துப் பேசிவிட்டுத்தான் போனாள்.

அக்டோபர் 27

குழந்தைகள் செக்‌ஷனை மூடிவிட்டார்கள். டெய்லர்களில் பாதிப் பேருக்கு வேறு மாடியில் இடம் கிடைத்தது. மீதிப் பேர் காலையில் டிபன் தூக்கோடு வந்து கேட்டிலேயே நின்று, திரும்பிப் போனார்கள். அதில் ஒருத்தி, பட்டன் மெஷினில் இருந்தவள், என்னைப் பார்த்து, “நாங்க என்னங்க தப்பு பண்ணோம்?” என்றாள். வண்டியை நிறுத்த இடம் தேடுகிற மாதிரி நகர்ந்துவிட்டேன்.

அக்டோபர் 28

எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 2

நிரஞ்சனாவுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். “எப்படி இருக்கே”. அதன் பிறகு என்ன வைப்பது என்று தெரியவில்லை. புள்ளி வைத்தால் பயப்படுவாள். கேள்விக்குறி வைத்தால் விசாரணை மாதிரி இருக்கிறது. ஆச்சரியக்குறி வைத்தால், வைக்காதே என்று நானே சொன்னது. ஒரு முகமும் சரிப்படவில்லை. பெட்டி முழுக்கத் தேடினேன், இருக்கிற அத்தனை முகத்திலும் என் முகம் இல்லை. அழித்துவிட்டேன்.

கவினைக் கேட்டதில், வேறு இரண்டு கம்பெனிக்கு இண்டர்வியூ போனாளாம். இந்த ஊரில் எல்லா ஹெச்ஆருக்கும் எல்லா ஹெச்ஆரும் பழக்கம். எங்கள் ரிப்போர்ட் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கிறது.

“நீங்க ஒரு வார்த்தை சொன்னா எடுப்பாங்க மேடம்” என்றான்.

நான் எப்படிச் சொல்வது? கையெழுத்து என்னுடையது.

நவம்பர் 9

தாராபுரம் போனேன். யாரிடமும் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ. தார் ரோட்டை ஒட்டிய ஓட்டு வீடு. வாசலில் அவள் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

“வாங்க மேடம், வாங்க. உள்ள வாங்க. பாப்பா உங்களப் பத்தித்தான் எந்நேரமும் சொல்லும்.”

பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம்.

“நிரஞ்சனா?”

“படுத்திருக்குதுங்க. தல நோவுன்னுச்சு.” கதவைத் தட்டினார். “பாப்பா, மேடம் வந்திருக்காங்க பாரு.” இன்னொரு தடவை தட்டினார். “தூங்கிருச்சாட்டத் தெரியுதுங்க. கோவிச்சுக்காதீங்க.”

“நான் எதுக்குங்க கோவிச்சுக்கறேன்” என்றேன்.

அந்த அம்மா முகம் மலர்ந்துவிட்டது.

“அதத்தாங்க நானும் அதுகிட்ட சொல்லுவேன். ஹாஸ்டல்ல இருந்து சாயந்திரமானா போன் போடுங்க. ‘அம்மா, மேடம் இப்படி அனுப்பிருக்காங்க, இதுல கோவம் இருக்குதா பாரு’ன்னு உங்க மெசேஜ அப்படியே படிச்சுக் காட்டும். சரின்னு போட்டுருக்காங்க, பக்கத்துல புள்ளி வெச்சிருக்காங்கன்னு புள்ளியக்கூட சொல்லும். எனக்கு எழுத்தே தெரியாதுங்க, புள்ளியக் கண்டனா? சரின்னா சரிதானே பாப்பா, அந்த மேடத்துக்கு எதுக்குக் கோவம், பேசாம தூங்குன்னு சொல்லுவனுங்க. அது நம்பாதுங்க. மறுபடி முதல்ல இருந்து படிக்கும்.”

காபி கொண்டுவந்தார். குடித்தேன்.

“அப்பறம் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டு ஒரே அழுகைங்க. பட்டனு, பட்டனுங்குது. மேடம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டாங்கம்மா, அதுக்கு என்னம்மா அர்த்தம்னு கேட்டுச்சு. நாந்தாங்க சொன்னேன். அவங்க பெரியவங்க, பாத்துக்கலாம்னு சொன்னா அவங்களே பாத்துக்குவாங்க, நீ உடுன்னு.” வெங்காயத் தோலைக் காலால் ஒதுக்கினார். “நாஞ் சொன்னது தப்புங்களா மேடம்? அது இப்ப என்கிட்ட சரியாப் பேசறதே இல்லீங்க.”

தப்பில்லைங்க என்று சொன்னேன். உரிய தீவிரம், கையெழுத்து, அந்த ரிப்போர்ட், எதுவும் சொல்லவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஃபேன் நின்றது. யாரோ அணைத்திருக்கிறார்கள். நாங்கள் பேசுவது தெளிவாகக் கேட்க வேண்டும் என்று அணைத்திருக்கலாம்.

நான் எழுந்து கதவருகே போனேன். “நிரஞ்சனா” என்று கூப்பிட்டேன். அவளிடம் சொல்ல எத்தனையோ இருந்தது. குரலில் சொன்னால் அதில் புள்ளியும் குறியும் இல்லை, அவளுக்கு எப்படியும் புரிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அவள் பெயரைச் சொல்லிவிட்டு நின்றேன். அவ்வளவுதான் வந்தது.

உள்ளே அவள் அசையாமல் நிற்பது தெரிந்தது. கதவுக்கு அடியில் இரண்டு கால்களின் நிழல். நான் மேற்கொண்டு என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள்.

“நான் வர்றேம்மா” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.